கிளிப்லெஸ் பெடல் பழகுவது எப்படி: முதல் நெடும்பயணத்துக்கு முன் செய்ய வேண்டியவை

காலணியின் அடியைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும் கிளிப்லெஸ் பெடலுக்கு மாறிய புதியவர்கள் பெரும்பாலும் வேகமாகப் போகும்போது விழுவதில்லை, நிற்கும்போது விழுகிறார்கள். சைக்கிள் நின்றுவிடும், காலணி பெடலைவிட்டு வராது, இரண்டு நொடிக்குள் உடல் பக்கவாட்டில் சாய்ந்துவிடும். காலை மாட்டுவது எவருக்கும் ஒரு மணி நேரத்தில் வந்துவிடுகிறது. கழற்றிக்கொண்டு நிற்பது அப்படி வருவதில்லை. அதனால் கீழே உள்ள பயிற்சிகளில் நிற்பதே முதலில் வருகிறது; மாட்டுவதும் கழற்றுவதும் ஓட்டுவதும் அதற்குப் பின்புதான்.

எடுத்துக்காட்டாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையை வைத்துக்கொள்கிறேன். சென்னையில் சைக்கிள் ஓட்டத் தொடங்கும் பலருக்கும் முதல் நெடும்பயணம் திருவான்மியூரிலிருந்து மாமல்லபுரம் போய்த் திரும்புவதுதான். மொத்தம் 80 கிலோமீட்டருக்கு மேல் வரும். அதற்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்பாகப் பெடலை மாற்றிவிடுங்கள். பயணத்துக்கு முந்தைய இரவு மாற்றுவதாக இருந்தால், அந்தப் பயணத்தைப் பழைய பெடலிலேயே முடித்துவிட்டு வந்து மாற்றுவது நல்லது.

## 1. பெடலும் கிளீட்டும் தேர்ந்தெடுத்தல்

கிளீட் என்பது காலணியின் அடியில் திருகப்படும் சிறு உலோகத் துண்டு அல்லது பிளாஸ்டிக் துண்டு. பெடலின் பற்கள் அதைத்தான் கவ்வுகின்றன. சந்தையில் இரண்டு குடும்பங்கள் பரவலாகக் கிடைக்கின்றன. முதலாவது இரண்டு திருகாணி வகை; ஷிமானோவின் எஸ்பிடி இதில் அடங்கும். கிளீட் சிறியது, உலோகத்தாலானது, காலணியின் அடிப்பகுதிக்குள் புதைந்திருக்கும். இரண்டாவது மூன்று திருகாணி வகை. எஸ்பிடி-எஸ்எல் அதில் ஒன்று. அந்தக் கிளீட் பெரிய பிளாஸ்டிக் துண்டாக வெளியே துருத்திக்கொண்டிருக்கும்.

புதியவருக்கு இரண்டு திருகாணி வகையையே சொல்வேன். எஸ்பிடியின் எளிய மாதிரிகள் பலவற்றில் இரு பக்கமும் கவ்வும் அமைப்பு உண்டு. அதனால் எந்தப் பக்கம் மேலே இருக்கிறது என்று பெடலைக் குனிந்து பார்க்க வேண்டியதில்லை. கிளீட் புதைந்திருப்பதால் டீக்கடைத் தரையில் வழுக்காமல் நடக்கலாம். மூன்று திருகாணிப் பெடலுக்கு ஒரே முகம்தான். சிக்னலில் இருந்து கிளம்பும்போது அந்த முகத்தைத் தேடிக் கண் கீழே போகும், சாலையைப் பார்க்க ஆள் இருக்காது.

இதற்குள்ளேயே இன்னொரு தேர்வும் இருக்கிறது. எஸ்பிடி பெடலோடு வழக்கமாக வரும் கிளீட் எஸ்ஹெச்-51, கருப்பு நிறம். குதிகாலைப் பக்கவாட்டில் திருப்பினால் மட்டுமே இது கழலும். எஸ்ஹெச்-56 என்பதைப் பெரும்பாலும் தனியாக வாங்க வேண்டும். அது பக்கவாட்டில் திருப்பினாலும் கழலும், பதற்றத்தில் காலைச் சாய்வாக மேலே பிடுங்கினாலும் கழன்றுவிடும். விழப்போகிறோம் என்று தெரிந்ததும் உடல் தானாகச் செய்வது அந்தப் பிடுங்கலைத்தான். ஆகவே முதல் சில மாதங்களுக்கு 56-ஐப் போட்டுக்கொள்வது வீண்செலவு அல்ல. எழுந்து நின்று வலுவாக மிதிக்கும்போது எதிர்பாராமல் கழன்றுவிடக்கூடும் என்பது அதன் குறை. புதியவர் சமதளச் சாலையில் அப்படி மிதிக்கும் வாய்ப்பு குறைவு.

## 2. கிளீட்டைக் காலணியில் பொருத்துதல்

தேவையானவை: 4 மில்லிமீட்டர் ஆலன் சாவி, கொஞ்சம் கிரீஸ், ஒரு மார்க்கர் பேனா.

காலணியை அணிந்துகொண்டு, பெருவிரலின் அடியில் புடைத்திருக்கும் எலும்பை விரலால் தடவிக் கண்டுபிடியுங்கள். காலணியின் உட்பக்க ஓரத்தில் அந்த இடத்துக்கு ஒரு புள்ளி வையுங்கள். சுண்டுவிரலின் அடி எலும்புக்கு நேராக வெளிப்பக்க ஓரத்தில் இன்னொரு புள்ளி. சுண்டுவிரல் புள்ளி சற்றுப் பின்னால் விழும். இரண்டுக்கும் நடுவே கிளீட்டின் மையம் வந்தால் தொடக்கத்துக்குப் போதும். மிகவும் முன்னால் தள்ளி வைத்தால் கெண்டைக்காலும் குதிகால் தசைநாணும் வேலை மிகுந்து வலிக்கும். எந்தப் பக்கம் என்று ஐயம் வந்தால் பின்பக்கமாகவே தள்ளுங்கள்.

அடுத்தது கோணம். மேசை விளிம்பில் உட்கார்ந்து கால்களைத் தொங்கவிட்டுப் பாருங்கள். பலருக்குப் பாதம் சற்று வெளிப்பக்கமாகத் திரும்பியிருக்கும். இரண்டு காலும் ஒரே அளவு திரும்பியிருக்க வேண்டும் என்பதில்லை. அந்த இயல்பான திசையிலேயே பாதம் பெடலில் இருக்கும்படி கிளீட்டைத் திருப்பிப் பொருத்துங்கள். பெடல் கவ்விய பிறகும் பாதம் சில டிகிரி ஆடுவதற்கு இடம் உண்டு. அந்த ஆட்டத்தின் நடுவில் உங்கள் இயல்பான நிலை இருக்க வேண்டும். ஓரத்தில் இருந்தால் முழங்கால் ஒவ்வொரு சுற்றிலும் முறுக்கப்படும், வலி 20 கிலோமீட்டருக்குப் பிறகுதான் தெரியும்.

திருகாணியின் மரையில் கிரீஸ் தடவி, இரண்டையும் மாறி மாறி இறுக்குங்கள். உற்பத்தியாளர் சொல்லும் இறுக்கம் 5 முதல் 6 நியூட்டன் மீட்டர். அளக்கும் கருவி இல்லாவிட்டால், சிறிய ஆலன் சாவியின் நீளக் கையைப் பிடித்து நன்றாக அழுந்தும்வரை திருகினால் அந்த அளவை நெருங்கிவிடலாம். பிறகு மார்க்கரால் கிளீட்டைச் சுற்றிக் கோடு வரையுங்கள். கிளீட் இடம் மாறியிருந்தால் இந்தக் கோடு காட்டிக்கொடுக்கும். பலர் தேவையில்லை என்று விட்டுவிடும் வேலை இது. ஏன் விடக்கூடாது என்பதை 8-ஆம் பகுதியில் சொல்கிறேன்.

## 3. பெடலைப் பூட்டி, பிடிப்பைத் தளர்த்துதல்

பெடலின் அச்சில் இடது, வலது என்று குறியிட்டிருப்பார்கள். இடது பெடலின் மரை எதிர்த்திசையில் வெட்டப்பட்டது. இரண்டையும் சைக்கிளின் முன்பக்கம் நோக்கித் திருகினால் பூட்டும், பின்பக்கம் நோக்கித் திருகினால் கழலும். மரையில் கிரீஸ் தடவி, முதல் சில சுற்றுகளைக் கையாலேயே திருகுங்கள். கையால் போகவில்லை என்றால் மரை ஏறுமாறாகப் பிடித்திருக்கிறது. அந்த நிலையில் ஸ்பேனரைப் போட்டால் பெடலைத் தாங்கும் கிராங்கின் மரையே அழிந்துவிடும்.

கவ்வும் பகுதியின் பின்னால் ஒரு சிறு திருகு இருக்கும். பெரும்பாலும் 3 மில்லிமீட்டர் ஆலன் சாவி போதும். கிளீட்டைப் பிடிக்கும் சுருள்வில்லின் இறுக்கத்தை அது மாற்றுகிறது. கூட்டல், கழித்தல் குறிகள் பக்கத்திலேயே இருக்கும். கழித்தல் பக்கமாக, மிகத் தளர்ந்த நிலைவரை திருப்புங்கள். அதற்கு மேல் திருப்பினால் திருகு கழன்றே வந்துவிடும் என்பதால் மெல்லச் செய்யுங்கள்.

இரு பக்கமும் கவ்வும் பெடல் ஜோடியில் மொத்தம் நான்கு திருகுகள். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். மேலே தெரிகிற இரண்டை மட்டும் தளர்த்திவிட்டு, கீழ்ப்பக்கத்தை மறந்துவிடுகிறார்கள். விளைவாக, ஒரே கால் ஒருமுறை எளிதாகக் கழலும், அடுத்த முறை பெடல் புரண்டிருந்தால் கழலாது. கற்றுக்கொள்கிறவருக்கு இதைவிடக் குழப்பம் வேறு இல்லை.

பெடல் மாறினால் சீட்டின் உயரமும் சில மில்லிமீட்டர் மாறும். காலணியின் அடிப்பகுதி எவ்வளவு தடிமன், பெடல் எவ்வளவு உயரம் என்பதைப் பொறுத்தது அது. பழைய பெடலில் உங்களுக்குச் சரியாக இருந்த உயரத்தை, காலணியோடு மீண்டும் ஒருமுறை பாருங்கள்.

## 4. சாதாரணக் காலணியில் நிற்கக் கற்றுக்கொள்ளுதல்

இந்தப் படியை எவரும் விரும்புவதில்லை. ஆனால் விழுகிறவர்களைப் பார்த்தால், இதைச் செய்யாமல் விட்டு வந்தவர்களாகத்தான் பெரும்பாலும் இருக்கிறார்கள்.

நம்மில் பலர் சிறு வயதிலிருந்து சீட்டில் உட்கார்ந்தபடியே கால் விரல் நுனியை ஊன்றி நின்று பழகியவர்கள். சீட் சரியான உயரத்தில் இருக்கும் சைக்கிளில் அப்படி நிற்க முடியாது. எட்டி ஊன்ற வேண்டியிருக்கும், சைக்கிள் அதிகமாகச் சாயும். நிற்கும்போது சீட்டிலிருந்து முன்னால் இறங்கி, மேல்குழாய்க்கு இரு பக்கமும் கால் இருக்கும்படி நிற்க வேண்டும். இதைச் சாதாரணக் காலணியோடும் பழைய தட்டைப் பெடலோடும் பழகுங்கள். புதிய பெடலைப் பூட்டிவிட்டீர்கள் என்றால், காலணியை மாட்டாமல் அதன் மேல் வெறுமனே மிதித்துப் பழகலாம்.

வரிசை இது. நிற்கப்போகும் இடத்துக்கு முன்பே மிதிப்பதை நிறுத்துங்கள். இடது பெடல் கீழேயும் வலது பெடல் மேலேயும் வரட்டும். கீழே இருக்கும் இடது காலில் எடையை ஏற்றிச் சீட்டிலிருந்து எழுந்து முன்னால் வாருங்கள். பிரேக் பிடித்து, நிற்கும் நொடியில் அதே காலைத் தரையில் வையுங்கள். கிளிப்லெஸ் பெடலில் ஒரே ஒரு மாற்றம்தான் வரும்: எழுவதற்கு முன் இடது கால் கழன்றிருக்கும், பாதத்தின் நடுப்பகுதி பெடலின் மேல் வெறுமனே நிற்கும்.

ஏன் இடது கால்? நாம் சாலையின் இடப்பக்கம் போகிறோம். தவறி விழுந்தாலும் இடப்பக்கம், வாகனங்களுக்கு எதிர்ப்பக்கம் விழுவோம். சாலையின் ஓரமும் இடப்பக்கமாகச் சரிந்திருப்பதால், சைக்கிள் இயல்பாகவே அந்தப் பக்கம் சாயும். செயினும் பல்சக்கரமும் வலப்பக்கம் இருப்பதால் கெண்டைக்காலில் கறுப்பு மசகும் கீறலும் படாது. வலது காலைக் கழற்றவும் தெரிந்திருக்க வேண்டும், ஆனால் வழக்கம் என்று ஒன்று இடது காலுக்கே இருக்கட்டும். ஒவ்வொரு முறையும் எந்தக் கால் என்று யோசிக்கிறவர்தான் யோசித்து முடிப்பதற்குள் சாய்ந்துவிடுகிறார்.

## 5. சுவரோரப் பயிற்சி

சைக்கிளைச் சுவருக்கு இணையாக நிறுத்தி, வலது கையைச் சுவரில் ஊன்றி உட்காருங்கள். இடது கையால் பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள்.

மாட்டுவதற்கு: காலணியின் நுனியைச் சற்றுக் கீழ்நோக்கி வைத்து முன்னால் தள்ளுங்கள். கிளீட்டின் முன்முனை பெடலின் முன்பற்களுக்குள் நுழைவது காலுக்குத் தெரியும். பிறகு முன்பாதத்தால் அழுத்துங்கள்; 'டக்' என்று சத்தம் வரும். நேராக மேலிருந்து கீழே மிதித்துக்கொண்டே இருந்தால் மாட்டாது. முன்முனை முதலில் நுழைய வேண்டும்.

கழற்றுவதற்கு: பெடலைக் கீழே கொண்டுவாருங்கள். மேலே இழுக்காதீர்கள், மிதித்து நசுக்கவும் வேண்டாம். பாதத்தின் எடை மட்டும் பெடலில் இருக்கட்டும். குதிகாலை வெளிப்பக்கமாகத் தள்ளுங்கள். முதல் சில டிகிரி தளர்வாக ஆடும், பிறகு சுருள்வில் எதிர்ப்பது தெரியும், ஏறத்தாழ 13 டிகிரியில் கழன்றுவிடும். தளர்வான ஆட்டம் முடிந்து எதிர்ப்பு தொடங்கும் இடத்தைப் பலர் 'இறுகிவிட்டது' என்று எண்ணி நிறுத்திவிடுகிறார்கள். அந்த இடத்தைத் தாண்டித் தயங்காமல் தள்ள வேண்டும். முழங்காலை வெளியே விரிப்பதாலும் கழலாது. முழங்கால் அதே இடத்தில் இருக்க, குதிகால் மட்டும் விலக வேண்டும்.

இடது காலுக்கு ஐம்பது முறை. பிறகு சைக்கிளைத் திருப்பி நிறுத்தி வலது காலுக்கு முப்பது. எண்ணிக்கையைவிட முக்கியம், கடைசிப் பத்தையும் கீழே பார்க்காமல், யாரோடாவது பேசிக்கொண்டே செய்வது. பேச்சு தடைபட்டால் கால் இன்னும் பழகவில்லை என்று பொருள். மறுநாளும் சுவரிலேயே இருங்கள்.

## 6. மைதானத்தில்

புல் தரையோ இறுகிய மண் தரையோ உள்ள மைதானம் வேண்டும். அடுக்குமாடிக் குடியிருப்பின் வண்டி நிறுத்துமிடத்தில் பழகுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தூண், டைல்ஸ், நிறுத்திய கார் மூன்றும் ஒரே இடத்தில் இருக்கும் அந்த இடத்தைவிடச் சாலையே மேல். ஹெல்மெட், கையுறை, முழங்காலை மூடும் உடை போட்டுக்கொள்ளுங்கள்.

நடுத்தரமான கியரில் வையுங்கள். மிகக் கனமான கியரில் கிளம்பினால் சைக்கிள் நகராமல், ஒரு கால் மாட்டியபடியே சாய்வீர்கள். மிக இலகுவான கியரில் பெடல் சட்டென்று சுழன்று, மற்றக் கால் அதைத் தவறவிடும்.

முதல் நாள் வலது காலை மட்டும் மாட்டுங்கள். இடது கால் பெடலின் மேல் வெறுமனே இருக்கட்டும். கிளம்பி, இருபது மீட்டர் போய், 4-ஆம் பகுதியில் சொன்னபடி நில்லுங்கள். மாட்டிய வலது காலைக் கழற்றாமலே இடது காலை ஊன்றி நிற்கலாம் என்பது உடலுக்குப் புரிய வேண்டும். இது சரளமான பிறகுதான் இடது காலையும் மாட்டுவது.

கிளம்பும் முறையைத் தனியாகச் சொல்ல வேண்டும். மாட்டிய வலது பெடலைக் கடிகாரத்தில் இரண்டு மணி முள் இருக்கும் இடத்துக்குக் கொண்டுவாருங்கள். அதை அழுத்தியபடியே சீட்டில் ஏறுங்கள். இடது கால் பெடலில் எங்கே பட்டாலும் சரி, நடுப்பாதத்தால் இரண்டு சுற்று மிதித்துச் சைக்கிளுக்கு வேகம் கொடுங்கள். வேகம் வந்த பிறகு மாட்டுங்கள். மாட்டுவது அவசரமே இல்லாத வேலை, சமநிலைதான் அவசரம். இதைத் தலைகீழாக்கி, வேகம் வருவதற்கு முன் குனிந்து கிளீட்டைத் தேடுகிறவர்கள் அடுத்த வாகனத்தின் மேல் போய் மோதப் பார்க்கிறார்கள்.

இரண்டு காலும் மாட்டிய நிலையில் நிற்கும்போது மனத்தில் இருத்த வேண்டியது ஒரே ஒரு வரிசை: கால் முதலில், பிரேக் பிறகு. நிற்கப்போகும் இடத்துக்கு இருபது மீட்டர் முன்பே இடது கால் கழன்றிருக்க வேண்டும். பிரேக்கைப் பிடித்துவிட்டுக் காலைத் தேடினால், வேகம் அதற்கு நேரம் தராது. கடைசி நொடியில் ஹேண்டில்பாரை இம்மியளவு வலப்பக்கம் திருப்பினால் சைக்கிள் இடப்பக்கம் சாயும். இதை மைதானத்தில் வேண்டுமென்றே செய்து பாருங்கள். இடது காலைக் கழற்றிவிட்டு வலப்பக்கம் விழுகிறவர்கள் பலரும் நிற்கும் நேரத்தில் ஹேண்டிலை இடப்பக்கம் திருப்பியவர்கள்தாம்.

விழுவதே உறுதி என்று தெரிந்தால் கையை நீட்டாதீர்கள். ஹேண்டில்பாரைப் பிடித்தபடியே இடுப்பும் தோளும் தரையில் படும்படி விழுந்தால் சிராய்ப்போடு போகும் வாய்ப்பு அதிகம். நீட்டிய கைக்கு மணிக்கட்டும் காறை எலும்பும் விலை கொடுக்க நேரலாம்.

## 7. திடீர் நிறுத்தம்

திட்டமிட்டு நிற்பது வந்துவிட்டால் பயிற்சி முடிந்தது என்று நினைக்கத் தோன்றும். சாலையில் நாய் குறுக்கே வரும்போது இருபது மீட்டர் கிடைக்காது.

ஒரு நண்பரை மைதானத்தில் நிறுத்தி, நீங்கள் எதிர்பாராத நேரத்தில் கைதட்டச் சொல்லுங்கள். கைதட்டு கேட்டதும் இரண்டு பிரேக்கையும் பிடித்து, அதே நேரத்தில் இடது குதிகாலை வெளியே தள்ளி நிற்க வேண்டும். அந்த நேரத்தில் இடது பெடல் மேலே இருக்கலாம், பின்னால் இருக்கலாம். எந்த நிலையிலிருந்தும் கழற்றத் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் இது. பெடல் மேலே இருக்கும்போது கால் மடங்கியிருப்பதால் கழற்றுவது சற்றுக் கடினம். இந்தப் பயிற்சியில் எஸ்ஹெச்-56 கிளீட்டின் பயன் கண்கூடாகத் தெரியும்.

பாலத்தின் ஏற்றத்தையும் ஒருமுறை முயன்று பாருங்கள். ஏற்றத்தில் மிதிப்பதை நிறுத்திய உடனே சைக்கிள் நின்றுவிடும், உருண்டு போகிற அவகாசமே இருக்காது. நடக்கிற வேகத்துக்கு இறங்கிவிட்டால், இன்னும் இரண்டு மிதி மிதிக்க வலு இருக்கும்போதே காலைக் கழற்றிவிட வேண்டும்.

## 8. கால் கழலவில்லை என்றால்: காரணம் கண்டுபிடித்தல்

இடது கால் வெண்ணெயாகக் கழல்கிறது, வலது கால் ஒவ்வொரு முறையும் சிக்கிக்கொள்கிறது என்று ஒரு நண்பர் வந்தார். எல்லாரும் சொன்னது, 'பழகப் பழகச் சரியாகும்.' அவர் இரண்டு வாரம் பழகியும் சரியாகவில்லை.

முதலில் சுருள்வில்லின் திருகுகளைப் பார்த்தோம். நான்கும் மிகத் தளர்ந்த நிலையில் இருந்தன. கிளீட் மார்க்கர் கோட்டுக்குள்ளேயே இருந்தது. அடுத்து, வலது காலணியைக் கையில் பிடித்து, இடது பெடலில் மாட்டிக் கழற்றிப் பார்த்தோம். அங்கேயும் சிக்கியது. இடது காலணியை வலது பெடலில் மாட்டியபோது எளிதாகக் கழன்றது. ஆக, குறை காலணியில்தான், பெடலில் இல்லை. காலணியைத் திருப்பிப் பார்த்ததும் காரணம் தெரிந்தது. கிளீட்டுக்கு அருகே இருந்த ரப்பர் முனை ஒன்று பெடலின் உடலில் உரசிப் பளபளப்பாகியிருந்தது. திருப்பும்போது அந்த ரப்பர்தான் தடுத்திருக்கிறது. கூர்மையான கத்தியால் இரண்டு மில்லிமீட்டர் அளவு சீவியதும் வலது காலும் இடதைப் போலவே கழன்றது.

இந்தக் காலணி மாற்றும் சோதனையை எப்போதும் முதலில் செய்யுங்கள். பாதி வேலை குறைந்துவிடும்.

இதைவிட ஆபத்தான குறை, கிளீட்டின் திருகாணி தளர்வது. ஒரு திருகாணி விழுந்துவிட்டால், குதிகாலைத் திருப்பும்போது காலணி மட்டும் மற்றத் திருகாணியைச் சுற்றித் திரும்பும். கிளீட் பெடலில் அசையாமல் இருக்கும். எவ்வளவு திருப்பினாலும் கழலாது. எனவேதான் மார்க்கர் கோடும், ஒவ்வொரு பயணத்துக்கு முன் ஆலன் சாவியால் ஒருமுறை இறுக்கிப் பார்ப்பதும். பாதம் வழக்கத்தைவிட அதிகமாக ஆடுவதாகவோ, திருப்பினால் எதிர்ப்பே இல்லாமல் நழுவுவதாகவோ தோன்றினால் அதுதான் அறிகுறி.

சாலையில் அப்படி நேர்ந்துவிட்டால் மிதித்துக்கொண்டே இருங்கள், நிற்காதீர்கள். மற்றக் காலைக் கழற்றி, அந்தப் பக்கம் ஊன்றி நில்லுங்கள். பிறகு சிக்கிய காலணியின் பட்டையைத் தளர்த்தி, காலை மட்டும் உருவி எடுத்துவிடலாம். சைக்கிளைச் சாய்த்து வைத்து, பெடலின் பின்பற்களைத் திருப்புளியால் பின்னுக்குத் தள்ளினால் கிளீட் விடுபடும்.

மணலும் சிக்கலைத் தரும். கடற்கரைப் பக்கம் காலணியோடு இறங்கி நடந்தால் கிளீட்டின் குழிக்குள் மணல் அடைந்துகொள்ளும். மாட்டவும் சிரமம், கழற்றவும் சிரமம். ஏறுவதற்கு முன் ஒரு குச்சியால் கிளறி எடுத்துவிடுங்கள்.

## 9. சாலைக்கு வருதல்

முதலில் பழகிய தெருக்களில் காலை ஆறு மணிக்கு முன் பத்துக் கிலோமீட்டர். பிறகு சிக்னல்கள் உள்ள சாலையில் இருபத்தைந்து. இந்த இரண்டாவது ஓட்டத்தின் நோக்கம் முழங்கால்தான். வலி வந்தால் கிளீட்டை ஒரு நேரத்தில் ஒரு மில்லிமீட்டர் அல்லது இரண்டு மில்லிமீட்டர் மட்டும் நகர்த்தி மறுபடி ஓட்டிப் பாருங்கள். கோணத்தையும் இடத்தையும் ஒரே நாளில் மாற்றினால் எது சரிசெய்தது என்று தெரியாது.

சாலையில் விழுவதற்கு ஒரு வடிவம் உண்டு. சிக்னலை நெருங்கி இடது காலைக் கழற்றுகிறீர்கள். பச்சை விழுகிறது. உடனே மாட்டிக்கொள்கிறீர்கள். முன்னால் போன ஆட்டோ பயணியைக் கண்டு நிற்கிறது. இரண்டு காலும் பெடலில், பிரேக் கையில், இடம் இல்லை. எனவே சந்திப்பைத் தாண்டி முழுவதுமாக வெளியே வரும்வரை இடது காலை மாட்டாதீர்கள். நடுப்பாதத்தால் மிதித்தே சந்திப்பைக் கடந்துவிடலாம்.

சாலையின் இடது விளிம்பில் தார் முடிந்து மண் தாழ்ந்திருக்கும் இடங்களையும் கவனியுங்கள். கால் ஊன்ற வேண்டிய இடத்தில் தரை அரை அடி கீழே இருந்தால் கழற்றிய காலும் பயன்படாது. விளிம்பிலிருந்து ஒரு கால் அகலம் உள்ளே தள்ளி நில்லுங்கள்.

## 10. பயண நாள்

முந்தைய இரவு: கிளீட் திருகாணிகள், மார்க்கர் கோடு, சுருள்வில் திருகுகள். பையில் 3, 4 மில்லிமீட்டர் ஆலன் சாவிகளும் ஓர் உதிரித் திருகாணியும். இறுக்கத்தை இன்றைக்குக் கூட்ட வேண்டாம்.

திருவான்மியூரிலிருந்து அக்கரை வரை சிக்னல்களும் பஸ் நிறுத்தங்களும் அடிக்கடி வரும். கால் அடிக்கடி கழன்று மாட்டுவதால் இந்தப் பகுதியில் புதியவர்கள் பெரும்பாலும் விழுவதில்லை, கவனம் விழித்திருக்கும். உத்தண்டி சுங்கச்சாவடியைத் தாண்டினால் சாலை திறந்துவிடும். நீண்ட நேரம் நிற்காமல் மிதிப்பீர்கள், கால் மாட்டியிருக்கிறது என்பதே மறந்துபோகும். கோவளம் பக்கம் நண்பர்கள் டீக்கடையைப் பார்த்து ஒதுங்க, நீங்களும் பிரேக் பிடிப்பீர்கள். முதல் பயணத்தின் விழுகை நடப்பது பெரும்பாலும் இங்கேதான், அதுவும் எல்லாருக்கும் முன்னால்.

இதற்கு ஒரு வழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். திறந்த சாலையில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை, பின்னால் வாகனம் இல்லாத நேரம் பார்த்து, இடது காலைக் கழற்றி உடனே மாட்டுங்கள். குழுவில் போகிறீர்கள் என்றால், நிற்கப்போவதை இருநூறு மீட்டர் முன்பே குரல் கொடுத்துச் சொல்லும்படி முன்னால் போகிறவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

திரும்பி வரும்போது களைப்பு சேர்ந்திருக்கும், வெயிலும் ஏறியிருக்கும், சாலையில் வாகனங்களும் பெருகியிருக்கும். அக்கரை வந்ததும் சிக்னல்கள் மறுபடி தொடங்கும். அங்கிருந்து வீடு வரை, கழற்றுவதை வழக்கமான இருபது மீட்டருக்குப் பதில் நாற்பது மீட்டர் முன்பே செய்யுங்கள். தொடை நடுங்குகிற அளவுக்குக் களைத்திருந்தால், நெரிசலான கடைசிப் பகுதியை இடது காலை மாட்டாமலே ஓட்டிவிடலாம். வேகம் சற்றுக் குறையும், அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்ததும் காலணியைக் கவிழ்த்து, மணலைத் தட்டி, மார்க்கர் கோட்டைப் பாருங்கள். கிளீட் கோட்டைவிட்டு விலகியிருந்தால், திருகாணிகளைக் கழற்றி, மரையைத் துடைத்து, புதிதாகக் கிரீஸ் வைத்து இறுக்கிய பிறகே அடுத்த ஓட்டம். விலகவில்லை, முழங்காலிலும் வலி இல்லை என்றால் சுருள்வில்லை நான்கு இடத்திலும் ஒரே அளவாக ஒரு 'கிளிக்' மட்டும் கூட்டிப் பார்க்கலாம். கூட்டிய அன்று மறுபடியும் சுவரோரமாக இருபது முறை.